கிளினிக் திட்டத்தில் ஸ்வாட் பட்டியலை முடிவுகளாக மாற்றுவது எப்படி?

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். முடித்து, நாமக்கல் பக்கம் விசைத்தறி ஊர் ஒன்றில் 6 வருடமாகத் தனியாக கிளினிக் நடத்துகிறேன். சொந்த லேப், இன்னொரு அறை, சில கருவிகள் என்று ரூ.12 லட்சம் கடன் கேட்டு வங்கிக்குத் திட்ட அறிக்கை கொடுத்தேன். அதில் ஸ்வாட் பக்கமும் எழுதினேன். பலம்: அனுபவம், நல்ல பெயர். பலவீனம்: இட நெருக்கடி, சொந்த லேப் இல்லை, ஆள் பற்றாக்குறை. வாய்ப்பு: சர்க்கரை நோய் பெருகுவது, மக்களின் விழிப்புணர்வு. அச்சுறுத்தல்: புதிய பாலிகிளினிக், அரசுத் திட்டங்கள். மேலாளர் படித்துவிட்டு, "இதை வைத்து நீங்க என்ன செய்யப் போறீங்கன்னே தெரியலையே மேடம்" என்றார். எப்படித் திருத்துவது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

மேலாளர் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் எழுதிய வரிகள் எதுவும் பொய் இல்லை. ஆனால் பக்கத்துத் தெரு டாக்டர் தன் பெயரைப் போட்டு இதே பக்கத்தைக் கொடுத்தாலும் பொருந்தும். எல்லா கிளினிக்குக்கும் பொருந்தும் வரியை வைத்து உங்கள் கிளினிக்கில் எதையும் தீர்மானிக்க முடியாது. இது சின்ன ஊர் டாக்டர்களின் குறை மட்டும் இல்லை. ஹில், வெஸ்ட்புரூக் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் சுமார் 20 நிறுவனங்கள் தயாரித்த ஸ்வாட் பட்டியல்களை ஆராய்ந்து 1997ல் எழுதினார்கள். பட்டியல்கள் நீளமாக இருந்தன, வரிகள் பொதுப்படையாக இருந்தன, எழுதியது உண்மைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை, பிறகு திட்டம் போடும்போது யாரும் அந்தப் பட்டியலைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

சரிபார்ப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதற்காகத்தான் உங்களிடம் 6 மாத ஓ.பி. நோட்டையும் டோக்கன் நேரத்தையும் பெயர்களை மறைத்து அனுப்பச் சொன்னேன். திரும்பி வராத பழைய சர்க்கரை நோயாளிகள் 30 பேருக்கு உங்கள் செவிலியரைப் போன் பண்ணச் சொன்னதும் அதற்குத்தான். அந்த எண்களை வைத்தே உங்கள் வரிகளை எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில் 'இட நெருக்கடி'. உங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 45 பேர் வருகிறார்கள். காலையில் 12, மாலையில் 33. மாலை 33 பேரில் 20 பேருக்கு மேல் 6.30 முதல் 8 மணிக்குள் வருகிறார்கள். அந்த நேரத்தில் வெளியே பெஞ்சு நிரம்பி, ஆட்கள் வாசலில் நிற்பதால் இடம் போதவில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காலை 10 மணி முதல் 1 மணி வரை அதே பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது. ஆகவே குறைவாக இருப்பது இடம் இல்லை, அந்த ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் நிமிடங்கள். 90 நிமிடத்தில் 20 பேர் என்றால் ஆளுக்கு நாலரை நிமிடம். இன்னொரு அறை கட்டினாலும் பார்க்கும் டாக்டர் நீங்கள் ஒருவர்தான். காத்திருப்பவர்கள் வசதியாக உட்கார்ந்து காத்திருப்பார்களே தவிர, காத்திருக்கும் நேரம் குறையாது.

அறை விஷயத்தில் உங்கள் பட்டியலில் வராத ஒன்றும் இருக்கிறது. கட்டடம் வாடகை, ஒப்பந்தம் 11 மாதம் என்று நோட்டோடு அனுப்பிய தாளில் பார்த்தேன். 5 வருடத்தில் அடைக்க வேண்டிய கடனை வாங்கி, 11 மாத ஒப்பந்தம் உள்ள கட்டடத்தில் ரூ.4 லட்சத்துக்குச் சுவரும் தரையும் போடுவது பெரிய அபாயம். 'அச்சுறுத்தல்' என்ற தலைப்பில் உண்மையில் எழுதியிருக்க வேண்டிய வரி இதுதான். பாலிகிளினிக்கை எழுதத் தோன்றிய உங்களுக்கு வீட்டுக்காரரை எழுதத் தோன்றவில்லை. பெரும்பாலோர் அப்படித்தான், தினமும் பார்க்கும் ஆபத்து கண்ணில் படாது. ஆகவே முதல் முடிவு: அறை வேண்டாம். வீட்டுக்காரர் 5 வருடத்துக்குப் பதிவு செய்த குத்தகை கொடுத்தால் அப்போது மறுபடி யோசிக்கலாம்.

அடுத்து 'நல்ல பெயர்', 'சர்க்கரை நோய் பெருகுவது', 'புதிய பாலிகிளினிக்'. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே விஷயத்தின் பக்கங்கள் என்று உங்கள் நோட்டு சொல்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நோட்டின் முதல் மூன்று மாதத்தில் உங்களிடம் வந்த சர்க்கரை நோயாளிகள், ஒரே ஆளை ஒரு முறை மட்டும் எண்ணினால், 210 பேர். அடுத்த மூன்று மாதத்தில் அவர்களில் மறுபடி வந்தவர்கள் 92 பேர். 118 பேர் வரவே இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை இந்த 6 மாதத்தில் ஒரு முறையாவது எழுதப்பட்டவர்கள் 61 பேர்தான். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கே வருடத்துக்கு இரண்டு முறையும், கட்டுக்குள் இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அந்தச் சோதனை வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஊரில் சர்க்கரை நோய் பெருகுகிறதா இல்லையா என்பது உங்கள் திட்டத்துக்குத் தேவையே இல்லாத செய்தி. ஏற்கெனவே உங்கள் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துபோன 118 பேர்தான் உங்கள் வாய்ப்பு.

அவர்கள் எங்கே போனார்கள்? இதற்கு யூகம் போதாது, கேட்டால்தான் தெரியும். உங்கள் செவிலியர் அழைத்த 30 பேரில் 6 பேர் எடுக்கவில்லை. மீதி 24 பேரில் 12 பேர் உங்கள் பழைய சீட்டையே மருந்துக் கடையில் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். 8 பேர் அரசு மாத்திரை வாங்குகிறார்கள். பாலிகிளினிக்குப் போனவர்கள் 4 பேர். செவிலியர் குறித்து வைத்திருந்த ஒரு அம்மாவின் பதிலை அப்படியே தருகிறேன்: "போனா அதே மாத்திரையத்தான் எழுதுவாங்க. அதுக்கு ஒரு மணி நேரம் உக்காரணுமா? சீட்டு கையில இருக்கு, வாங்கிக்கறேன்."

அந்த அம்மா சொன்னதில் உங்கள் ஸ்வாட் முழுவதும் இருக்கிறது. உங்கள் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் உங்கள் சீட்டை மாற்றாமல் வைத்திருக்கிறார். அது பலம். ஆனால் நாலரை நிமிடத்தில் நீங்கள் அவருக்குப் பழைய மாத்திரையைத் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கவோ, கண் பரிசோதனை எப்போது செய்தார் என்று கேட்கவோ நேரம் இல்லை. அது பலவீனம். உங்கள் போட்டியாளர் பாலிகிளினிக் இல்லை, உங்களுடைய பழைய சீட்டு. பாலிகிளினிக்கை மனதில் வைத்து லேப், அறை, ஏசி என்று திட்டம் போட்டால், விட்டுப்போன 24 பேரில் 4 பேருக்காக 12 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று பொருள். 30 பேர் சின்ன மாதிரிதான், இதை வைத்து ஊர் முழுவதையும் கணக்குப் போட முடியாது. ஆனால் 12க்கும் 4க்கும் உள்ள இடைவெளி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டப் போதும்.

அரசுத் திட்டத்தை அச்சுறுத்தல் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நீங்கள் சம்பாதிப்பது மாத்திரையில் இல்லையே, ஆலோசனைக் கட்டணத்தில்தானே? மாத்திரைச் செலவு மிச்சமாகும் நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்களிடம் முழுப் பரிசோதனைக்கு வருவது எளிதாகத்தான் ஆகிறது. அங்கே கிடைக்கும் மருந்துகளின் பட்டியலை வாங்கி மேசையில் வைத்து, முடிந்தவரை அதற்குள் எழுதுங்கள். "அரசு மாத்திரையை நிறுத்துங்க" என்ற பேச்சு உங்கள் கிளினிக்கில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. அப்படிச் சொன்னால் அந்த 8 பேர் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள், உங்களிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள்.

சரி, இப்போது முடிவுக்கு வருவோம். ஸ்வாட்டின் நான்கு கட்டங்களை நிரப்பியதோடு விடாமல், பலம், பலவீனம் என்று உள்ளே இருப்பதில் ஒன்றையும் வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று வெளியே இருப்பதில் ஒன்றையும் ஜோடி சேர்த்து 'ஆகவே என்ன செய்வது' என்று கேட்க வேண்டும் என்பது மேலாண்மைப் பேராசிரியர் ஹைன்ஸ் வைரிச் 1982ல் வகுத்துச் சொன்ன முறை. எல்லா ஜோடியையும் போடத் தேவையில்லை. உங்களுக்கு ஒரு ஜோடி போதும்: காலியாகக் கிடக்கும் காலை நேரமும், திரும்பி வராத 118 பேரும்.

சர்க்கரைக்கும் காலை நேரத்துக்கும் இயல்பாகவே பொருத்தம் உண்டு. வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று பார்ப்பது மாலையில் நடக்காது. செவ்வாயும் வெள்ளியும் காலை 8 மணிக்குச் செவிலியர் முதல் ரத்தம் எடுக்கட்டும். வந்தவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு 10.15க்குத் திரும்பட்டும். இரண்டாவது ரத்தம் எடுத்ததும் உங்களிடம் வரட்டும். ஆளுக்கு 12 நிமிடம் வீதம் 10 பேரை 12.15க்குள் பார்த்துவிடலாம். அந்த 12 நிமிடத்தில் பாதம், ரத்த அழுத்தம், எடை, சிறுநீர் ஆல்புமின் பார்த்த தேதி, கண் பார்த்த தேதி எல்லாம் ஒரே அட்டையில் ஏறட்டும். வாரம் 20 பேர், 13 வாரத்தில் 260 இடம். உங்களிடம் இருப்பது 210 பேர். ஆளும் அறையும் கூட்டாமல் அத்தனை பேரையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க முடியும்.

இதில் சறுக்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று, ஹெச்பிஏ1சி அறிக்கை. வெளி லேப் ஆள் 8.30க்கு மாதிரியை எடுத்துப் போனால் 10.30க்குள் முடிவு வருமா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். வராது என்றால், அதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதால் இரண்டு நாள் முன்பே மாலையில் எடுத்து வையுங்கள். அறிக்கை கையில் இல்லாமல் நோயாளி எதிரே உட்கார்ந்தால் மறுபடி அதே பழைய சீட்டுதான். இரண்டாவது, தறி ஆட்கள். இரவு ஷிப்டு முடித்து வருபவருக்குக் காலை 8 மணி வசதி, பகல் ஷிப்டுக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும். போன் பண்ணும்போதே எந்த ஷிப்டு என்று கேட்டு, ஷிப்டு மாறும் வாரத்தில் தேதி கொடுங்கள். அதற்கும் வழி இல்லாதவர் மாலையில்தான் வருவார், அவரை வற்புறுத்த வேண்டாம்.

'ஆள் பற்றாக்குறை' என்ற வரிக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. உங்களிடம் ஆள் குறைவு என்பதை விட, எல்லா வேலையும் ஒரே செவிலியருக்கு மட்டும் தெரியும் என்பதுதான் பிரச்சினை. அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனால் இந்தத் திட்டம் நின்றுவிடும். வரவேற்பில் இருக்கும் தம்பிக்கு நோட்டில் தேதி பார்த்து அழைக்கவும் அட்டையை எடுத்து வைக்கவும் இந்த மாதமே சொல்லிக் கொடுங்கள். செவிலியர் வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக வருவதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அழைப்பு எதற்கு என்பதிலும் கவனம் வேண்டும். உங்களிடம் வந்தவருக்குப் பரிசோதனைத் தேதியை நினைவூட்டுவது சிகிச்சையின் பகுதி. தள்ளுபடி போட்டு நோட்டீஸ் அடிப்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளோடு மோதும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது லேப். உங்கள் பட்டியலில் 'சொந்த லேப் இல்லை' என்பது பலவீனம். அது பலவீனமா இல்லையா என்று ஒரே ஒரு எண்தான் சொல்லும். நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியல்படி மெஷினும் சாமானும் ரூ.4.5 லட்சம். 5 வருடக் கடனில் 11 சதவீத வட்டிக்கு மாதத் தவணை ஏறக்குறைய ரூ.9,800. லேப் டெக்னீஷியன் சம்பளம் ரூ.15,000, பராமரிப்பும் தரச் சோதனையும் ரூ.3,000. ஒரு சோதனை கூடச் செய்யாவிட்டாலும் மாதம் ரூ.27,800 போகும். ரசாயனச் செலவு போக ஒரு சோதனைக்குச் சராசரியாக ரூ.70 நிற்கும் என்று உங்கள் கணக்கே சொல்கிறது. அப்படியானால் மாதம் சுமார் 400 சோதனை, 26 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 15க்குச் சற்று மேல் வந்தால்தான் கை கடிக்காது. உங்கள் நோட்டில் இன்று நாளொன்றுக்கு 9தான் இருக்கிறது.

ஆகவே இப்போது லேப் வேண்டாம். ஆனால் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அதுவும் அரைகுறை முடிவுதான். காலைப் பரிசோதனைக்கு 210 பேரும் வந்து ஆளுக்கு 3 சோதனை என்றால் மாதம் 210 சோதனை, நாளொன்றுக்கு 8 கூடும். எல்லோரும் வர மாட்டார்கள், ஏற்கெனவே எழுதும் 9ல் சிலவும் இதற்குள் அடங்கும், அதனால் மொத்தம் 17 என்று கூட்டிவிடக்கூடாது. 13, 14 வரை வரும் என்று எதிர்பார்க்கலாம். எனவே லேப் முடிவை இப்படி எழுதுங்கள்: தொடர்ந்து மூன்று மாதம் நாளொன்றுக்கு 16 சோதனை வந்தால் மெஷின் வாங்குவோம், அதுவரை வெளி லேப். அப்போதும் வாங்கும் முன் அந்த மெஷினில் ஹெச்பிஏ1சி செய்ய முடியுமா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் உங்கள் எண்ணிக்கையில் ஒரு பகுதி மறுபடி வெளியேதான் போகும், கணக்கு மாறும். வெளி லேப் தருவதாகச் சொல்லும் கமிஷனை எந்தக் கணக்கிலும் வருமானமாகக் காட்டாதீர்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் அதைத் தடை செய்கின்றன.

வங்கிக்குக் கொடுக்கும் பக்கத்தில் நான்கு கட்டம் தேவையில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பத்தி போதும். மாதிரிக்கு ஒன்றை எழுதித் தருகிறேன்:

"எங்களிடம் வந்த 210 சர்க்கரை நோயாளிகளில் 118 பேர் அடுத்த மூன்று மாதத்தில் திரும்பவில்லை. கேட்டறிந்த 24 பேரில் 12 பேர் பழைய சீட்டில் மருந்து வாங்குகிறார்கள். காலை நேரத்தில் எங்களுக்கு இடமும் நேரமும் இருக்கிறது. ஆகவே செவ்வாய், வெள்ளி காலைகளில் பரிசோதனை நேரம் தொடங்குகிறோம். புதிய அறை கட்டவில்லை. அழைப்பும் பதிவும் செவிலியர் பொறுப்பு. முதல் மாதம் 80 பேரை அழைப்போம். 25 பேருக்குக் குறைவாக வந்தால் நிறுத்தி, வராதவர்களிடம் காரணம் கேட்டு நேரத்தை மாற்றுவோம். 40க்கு மேல் வந்தால் தொடர்வோம்."

25க்கும் 40க்கும் நடுவில் வந்தால் இன்னொரு மாதம் பாருங்கள். இதே நேரத்தில் மாலை 6.30 முதல் 8 வரை வரும் 20 பேர் 15 ஆகிறார்களா என்றும் எண்ணுங்கள். காலைக்கு வருபவர்களில் பலர் மாலையிலிருந்து இடம் மாறியவர்களாக இருந்தால் வருமானம் உடனே கூடாது. ஆனால் மாலையில் மற்றவர்களுக்கு நாலரை நிமிடம் ஆறு நிமிடம் ஆகும், அதுவும் லாபம்தான். இரண்டையும் எண்ணாவிட்டால் திட்டம் வேலை செய்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது.

'அனுபவம்', 'மக்களின் விழிப்புணர்வு' இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். எந்த முடிவும் அவற்றை நம்பி நிற்கவில்லை.

இப்படிப் பார்த்தால் உங்கள் ரூ.12 லட்சத்தில் அறைக்கான 4 லட்சமும் லேபுக்கான 4.5 லட்சமும் இப்போதைக்குப் போய்விடுகின்றன. மீதி 3.5 லட்சத்தில் ஈசிஜி, கணினி, ஏசி என்று எழுதியிருக்கிறீர்கள். ஈசிஜிக்கு லேபுக்குப் போட்ட அதே கணக்கைப் போடுங்கள்: மாதம் எத்தனை பேரை வெளியே அனுப்புகிறீர்கள், தவணை எவ்வளவு. கணினி வேண்டும், 210 பேரின் தேதியை நோட்டில் தேடி அழைக்க முடியாது. ஏசியை உங்கள் சொந்தக் காசில் பிறகு வாங்கலாம். குறைந்த தொகை கேட்டால் மேலாளர் மதிக்க மாட்டார் என்று தயங்க வேண்டாம். எதைச் செய்யவில்லை, ஏன், எப்போது செய்வோம் என்று எண்ணோடு எழுதிய விண்ணப்பத்தில் அவருக்குத் தன் மேலிடத்துக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. மெஷினுக்கான 16 என்ற எண்ணை எட்டிய பிறகு அதே வங்கிக்கு மூன்று மாத நோட்டோடு போகலாம்.

விண்ணப்பத்தோடு கிளினிக் பதிவுச் சான்றும், மருத்துவக் கழிவுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் வையுங்கள். படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் அந்த அனுமதி தேவை. நோயாளிகளின் பெயரோ போன் எண்ணோ உள்ள எந்தத் தாளும் வங்கிக்குப் போகக்கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும். குத்தகை பற்றி வீட்டுக்காரரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து, கணினியைத் தவிர எதையும் இந்தக் கட்டடத்துக்காக வாங்கலாமா என்பதே மாறக்கூடும்.